தள்ளியது ஒருவர், நகர்ந்தது இருவர்: பனித்தளத்தில் எடையும் வேகமும்

கேள்வி: "போன வாரம் மகளோடு சன்வே பிரமிட் ஐஸ் ரிங்குக்குப் போயிருந்தேன். எதிரெதிரே நின்று, உள்ளங்கைகளைச் சேர்த்துத் தள்ளிப் பார்த்தோம். ஸ்கேட்ஸோடு நான் 75 கிலோ, அவள் 45. அவள்தான் தள்ளினாள்; நான் கையை விறைப்பாக வைத்துக்கொண்டு சும்மா நின்றேன். ஆனாலும் நானும் பின்னால் போனேன். நான் ஏறக்குறைய 8 மீட்டரில் நின்றுவிட்டேன், அவள் 22 மீட்டர் மாதிரி போனாள். அவளுடைய படிவம் 4 பாடப்படி 75-ஐ 45-ஆல் வகுத்தால் 1.67தான் வருகிறது. இதுவோ மூன்று மடங்கு பக்கம். எங்கே தப்பு? எடை மட்டும் தெரிந்தால் வேகத்தைக் கண்டுபிடிக்க முடியுமா, முடியாதா?"

உங்கள் கணக்கிலும் தப்பில்லை, நீங்கள் கண்ணால் பார்த்ததிலும் தப்பில்லை. 1.67 என்பது வேகங்களின் விகிதம். நீங்கள் அளந்ததோ தூரம். இரண்டும் ஒன்றல்ல. பனியில் வழுக்கிப் போகிறவர் நிற்கும் தூரம், புறப்பட்ட வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. வேகம் இரண்டு மடங்கானால் தூரம் நான்கு மடங்காகும். ஆகவே 1.67-ஐ 1.67-ஆல் பெருக்க வேண்டும், விடை 2.78. நீங்கள் சொன்ன 22-ஐ 8-ஆல் வகுத்தால் 2.75. செந்தூலில் டியூஷன் நடத்தும் எனக்கு, இந்த அளவுக்குப் பொருந்தும் எண்களை மாணவர்கள் கொண்டுவந்தால் முதலில் சந்தேகம்தான் வரும். உங்கள் எண்களும் கண்ணளவு என்பதால், இந்தப் பொருத்தத்தில் கொஞ்சம் அதிர்ஷ்டமும் இருக்கிறது. நீங்கள் நின்றது 8 மீட்டரில் இல்லாமல் 7 மீட்டரில் என்று வைத்தால் வேக விகிதம் 1.77 ஆகிவிடும். 9 மீட்டர் என்றால் 1.56. எப்படிப் பார்த்தாலும் 1.67 நடுவில்தான் இருக்கிறது, விதி உடையவில்லை.

வர்க்கம் எங்கிருந்து வந்தது என்று உங்கள் மகள் கேட்பாள். பனியின் உராய்வு ஒருவரை ஒவ்வொரு விநாடியும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் மெதுவாக்குகிறது. கனமானவரைப் பனி அதிகமாகத் தேய்த்து இழுக்கும், உண்மைதான். ஆனால் அவரை மெதுவாக்கவும் அதே விகிதத்தில் அதிக விசை வேண்டியிருக்கிறது. இரண்டும் ஒன்றையொன்று ஈடுகட்டிவிடுவதால் 75 கிலோவுக்கும் 45 கிலோவுக்கும் வேகம் குறையும் வீதம் ஒன்றே. இருவருடைய ஸ்கேட்ஸ் கத்தியும் ஒரே மாதிரி கூராக இருந்தால் என்ற நிபந்தனையோடு இதைச் சொல்கிறேன். வேகம் இரண்டு மடங்கானால் நிற்க எடுக்கும் நேரமும் இரண்டு மடங்கு, அந்த நேரம் முழுவதும் இருக்கும் சராசரி வேகமும் இரண்டு மடங்கு. இரண்டையும் பெருக்கினால் தூரம் நான்கு மடங்கு.

சரி, வேகங்கள் ஏன் எடைக்குத் தலைகீழ் விகிதத்தில் பிரிகின்றன? உள்ளங்கைகள் தொட்டுக்கொண்டிருக்கும்வரை, அவள் உங்கள் கையை எவ்வளவு விசையோடு தள்ளுகிறாளோ, அதே அளவு விசை உங்கள் கையிலிருந்து அவளுக்கும் திரும்பிப் போகிறது. இது நியூட்டனின் மூன்றாம் விதி. தொடுகை தொடங்குவதும் முடிவதும் இருவருக்கும் ஒரே கணத்தில்தான். விசை ஒன்று, நேரம் ஒன்று, அப்படியானால் விசையை நேரத்தால் பெருக்கி வரும் உந்தமும் இருவருக்கும் ஒன்று, திசை மட்டும் எதிரெதிர். உந்தம் என்பது எடையை வேகத்தால் பெருக்கி வருவது. (தராசு காட்டும் கிலோவைத்தான் இங்கே எடை என்கிறேன், இயற்பியலில் இதைப் பொருண்மை என்பார்கள்.) புறப்படும் முன் இருவரும் அசையாமல் நின்றீர்கள், மொத்த உந்தம் பூஜ்யம். பிரிந்த பிறகும் அது பூஜ்யமாகவே இருக்க வேண்டும்.

```
0 = m₁v₁ + m₂v₂
```

இதில் ஒரு வேகம் எதிர்மறையாக வரும். பிள்ளைகள் அதிகம் தடுக்கி விழுவது இந்தக் குறியில்தான். ஒரு திசையை, உதாரணமாக மகள் போகும் திசையை, நேர்மறை என்று முதல் வரியிலேயே எழுதிவிட்டால் பிறகு குழப்பம் வராது. அளவை மட்டும் பார்த்தால் 45-ஐ அவள் வேகத்தால் பெருக்கினாலும் 75-ஐ உங்கள் வேகத்தால் பெருக்கினாலும் ஒரே எண் வர வேண்டும். ஆகவே நீங்கள் வினாடிக்கு 3 பங்கு நகர்ந்தால் அவள் 5 பங்கு நகர்வாள்.

யார் தள்ளினார்கள் என்ற கேள்விக்கு இந்தச் சமன்பாட்டில் இடமே இல்லை என்பதைக் கவனியுங்கள். நீங்கள் "சும்மா நின்றேன்" என்கிறீர்கள். ஆனால் கையை விறைப்பாக வைத்ததே தள்ளுதல்தான். உங்கள் முழங்கை மடங்காமல் இருந்ததால்தான் அவளுடைய விசைக்கு எதிர்விசை கிடைத்தது. நீங்கள் கையைத் தளரவிட்டிருந்தால் அவள் கை நீண்டுகொண்டே வந்திருக்கும், உங்கள் முழங்கை மடங்கிக்கொண்டே போயிருக்கும், இருவரும் பெரிதாக நகர்ந்திருக்கமாட்டீர்கள். அப்போதும் நகர்ந்த கொஞ்சமும் 5-க்கு 3 என்ற விகிதத்தில்தான் இருந்திருக்கும். "பலசாலிதான் மற்றவரைத் தள்ளிவிடுவார், அவர் நின்ற இடத்திலேயே நிற்பார்" என்று நாம் நினைப்பது தரையில் பழகியதால் வரும் எண்ணம். தரையில் பலசாலியின் காலணி சிமெண்டைப் பிடித்துக்கொள்கிறது, அவருக்காகத் தரை தள்ளுகிறது. பனியில் அந்த உதவி இல்லை.

இப்போது உங்கள் கடைசிக் கேள்வி. எடை மட்டும் தெரிந்தால் வேகத்தைக் கண்டுபிடிக்க முடியாது. விகிதத்தை மட்டுமே கண்டுபிடிக்கலாம். மேலே உள்ள சமன்பாட்டில் தெரியாதவை இரண்டு, சமன்பாடு ஒன்று. அவள் வினாடிக்கு 0.5 மீட்டரும் நீங்கள் 0.3 மீட்டரும் போனாலும் அது நிறைவேறும். 1.5 மீட்டரும் 0.9 மீட்டரும் போனாலும் நிறைவேறும். எஸ்.பி.எம். கணக்குகளில் இந்தச் சிக்கல் தெரிவதில்லை. வெடிப்பு வகைக் கணக்கு என்று வகைப்படுத்தி, ஒருவருடைய வேகத்தைக் கொடுத்து மற்றவருடையதைக் கேட்டுவிடுவார்கள். அங்கே இரண்டு எடைகளோடு மூன்றாவது தகவலும் கேள்விக்குள்ளேயே ஒளிந்திருக்கிறது. உண்மைப் பனித்தளத்தில் அதை நாமே தேட வேண்டும்.

அந்த மூன்றாவது தகவலுக்கு எனக்குப் பிடித்தது, இருவரும் ஒருவரைவிட்டு ஒருவர் எவ்வளவு வேகமாக விலகுகிறார்கள் என்பது. இது கைகள் நீளும் வேகத்தோடு நேரடியாகத் தொடர்புடையது. விலகும் வேகம் வினாடிக்கு 2.4 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அதை மொத்த எடையான 120 கிலோவின் மேல் பங்கிட வேண்டும், ஆனால் மாற்றிப் பங்கிட வேண்டும்: அவளுடைய பங்கு உங்கள் எடையின்படி, உங்கள் பங்கு அவளுடைய எடையின்படி.

```
மகள்  = 2.4 × 75 / 120 = 1.5
அப்பா = 2.4 × 45 / 120 = 0.9
```

சரிபார்க்க 45-ஐ 1.5-ஆல் பெருக்குங்கள், 67.5. 75-ஐ 0.9-ஆல் பெருக்குங்கள், அதே 67.5. இந்த வேகங்களை நான் சும்மா எடுக்கவில்லை. நன்றாகக் கூர்தீட்டிய கத்திக்குப் பனியின் உராய்வுக் குணகம் 0.005 அளவில் இருக்கும். அந்த மதிப்பை வைத்துப் பார்த்தால், வினாடிக்கு 1.5 மீட்டரில் புறப்பட்டவர் 23 மீட்டர் போய் நிற்பார், 0.9 மீட்டரில் புறப்பட்டவர் 8 மீட்டருக்குக் கொஞ்சம் அதிகமாகப் போய் நிற்பார். நீங்கள் சொன்ன தூரங்களுக்கு இது நெருக்கம். ஆனாலும் வேகங்களை இதை வைத்து உறுதியாகச் சொல்லமாட்டேன். வாடகை ஸ்கேட்ஸ் மழுங்கியிருந்து உராய்வு இரண்டு மடங்காக, 0.01-ஆக இருந்திருந்தால், அதே தூரங்களுக்கு அவள் வினாடிக்கு 2.1 மீட்டரிலும் நீங்கள் 1.25 மீட்டரிலும் புறப்பட்டிருக்க வேண்டும். நின்ற தூரத்திலிருந்து விகிதத்தை நம்பலாம், வேகத்தை நம்ப முடியாது. உராய்வு எவ்வளவாக இருந்தாலும் விகிதத்தில் அது அடிபட்டுப்போகும், வேகத்தில் அடிபடாது.

1.5, 0.9 என்ற எண்களையே எடுத்துக்கொண்டு, தள்ளிய அந்தச் சின்ன நேரத்துக்குள் என்ன நடந்திருக்கும் என்று பார்ப்போம். இந்தப் பகுதிதான் புத்தகத்தில் விடுபட்டுப் போகிறது. அவளுடைய கை மடங்கிய நிலையிலிருந்து முழுக்க நீளும்வரை உங்களுக்கிடையே 0.6 மீட்டர் இடைவெளி கூடியது என்று வைப்போம். விலகும் வேகம் பூஜ்யத்திலிருந்து 2.4 வரை சீராக ஏறியதாகக் கொண்டால் சராசரி 1.2, ஆகவே தொடுகை நீடித்தது அரை விநாடி. அந்த அரை விநாடியில் 67.5 அளவு உந்தம் கைமாற வேண்டுமானால் சராசரி விசை 135 நியூட்டன். ஏறக்குறைய 14 கிலோ மூட்டையைத் தூக்கிப் பிடிக்கத் தேவையான விசை அது. பதினாறு வயதுப் பிள்ளை கையால் தள்ள முடிந்ததுதான், ஆகவே எண்கள் நியாயமாக இருக்கின்றன. உண்மையில் விசை சீராக இருக்காது. தொடக்கத்தில் ஏறி, கை நீண்டு முடியும்போது விழும். விசை எந்த வடிவத்தில் ஏறி இறங்கினாலும் 5-க்கு 3 என்ற விகிதம் மாறாது, ஏனென்றால் ஒவ்வொரு கணத்திலும் அது இருவருக்கும் சமம்.

அந்த 0.6 மீட்டரும் இருவருக்கும் சமமாகப் பிரியவில்லை. அரை விநாடியில் அவள் 37.5 சென்டிமீட்டர் பின்னால் போயிருப்பாள், நீங்கள் 22.5 சென்டிமீட்டர். இதுவும் 5-க்கு 3. விசை ஒன்றே, ஆனால் அது அவளை அதிகத் தூரம் தள்ளியிருக்கிறது. விசையைத் தூரத்தால் பெருக்கினால் வேலை. ஆகவே ஆற்றல் சமமாகப் பிரியாது. அவளுக்குக் கிடைத்தது ஏறக்குறைய 51 ஜூல், உங்களுக்கு 30 ஜூல், மொத்தம் 81. எடை குறைந்தவருக்கே பெரிய பங்கு. "இருவருக்கும் உந்தம் சமம், அப்படியானால் இயக்க ஆற்றலும் சமம்தானே" என்று எழுதி மதிப்பெண் இழக்கிறவர்களை ஆண்டுதோறும் பார்க்கிறேன். இரண்டும் சமமாக வருவது இருவருடைய எடையும் சமமாக இருந்தால் மட்டுமே.

இதையே ஒரு எல்லைக்கு இழுத்துப் பாருங்கள். உங்களுக்குப் பதிலாக அவள் ரிங்கின் ஓரத் தடுப்புச் சுவரை அதே 81 ஜூல் செலவிட்டுத் தள்ளியிருந்தால், சுவர் நகராது, ஆற்றல் முழுவதும் அவளுக்கே. வினாடிக்கு 1.9 மீட்டரில் புறப்பட்டிருப்பாள். உங்களைத் தள்ளியதில் 1.5. நகரக்கூடிய ஒருவரைத் தள்ளினால் கிடைக்கும் வேகம் சுவரைத் தள்ளினால் கிடைப்பதைவிடக் குறைவு, ஏனென்றால் ஆற்றலில் ஒரு பங்கை அவர் எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்.

நீங்களும் சேர்ந்து தள்ளியிருந்தால்? அங்கே யார் தள்ளினார்கள் என்பது முக்கியமாகிறது, ஆனால் வேறு விதத்தில். உங்கள் முழங்கையும் மடங்கிய நிலையில் தொடங்கினால், இருவருடைய கையும் நீள்வதால் விசை வேலை செய்யும் தூரம் 0.6-லிருந்து 1.2 மீட்டராகிவிடும். விசை அதே 135 நியூட்டன் என்று வைத்தால் ஆற்றல் இரண்டு மடங்கு, 162 ஜூல். ஆனால் வேகம் இரண்டு மடங்காகாது. ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால் 1.41 மடங்குதான் கூடும். அவள் வினாடிக்கு 2.1, நீங்கள் 1.3. இப்போதும் 5-க்கு 3. ஆகவே யார் தள்ளுகிறார், எவ்வளவு பலமாக, எவ்வளவு நீளத்துக்கு என்பவை இரண்டு வேகங்களையும் சேர்த்து ஏற்றும் அல்லது இறக்கும். அவற்றுக்கிடையிலான விகிதத்தில் கை வைக்க அவற்றால் முடியாது.

விகிதத்தைக் கெடுக்கக்கூடியது வெளியிலிருந்து வரும் விசை, அதாவது பனி. வழுக்கும்போது இருக்கும் உராய்வு பெரிய பிரச்சினை இல்லை. 0.005 குணகத்துக்கு உங்கள் மேல் அது 3.7 நியூட்டன், அவள் மேல் 2.2 நியூட்டன்; தள்ளும் 135-க்கு முன்னால் இது சொற்பம். அந்த அரை விநாடிக்குப் பனியை முற்றிலும் வழுவழுப்பானது என்று எடுத்துக்கொள்வதால் வரும் பிழை நூற்றுக்கு மூன்றுக்குள் அடங்கிவிடும். அதன்பின் 22 மீட்டர் போகும்போதுதான் உராய்வு எல்லாவற்றையும் தின்கிறது.

பெரிய பிழை வருவது பாதத்தின் நிலையால். ஸ்கேட்ஸ் கத்தி தன் நீளவாக்கில் மட்டும்தான் வழுக்கும். குறுக்காக அழுத்தினால் விளிம்பு பனியைக் கடித்துப் பிடித்துக்கொள்ளும். புதிதாகக் கற்பவர்களுக்குக் குதிகால்களைச் சேர்த்து, கால்விரல்களை வெளியே விரித்து நிற்கத்தான் முதலில் சொல்லித் தருவார்கள். முன்னால் போக அது நல்ல நிலை. ஆனால் எதிரெதிரே நின்று தள்ளும்போது இருவரும் போவது பின்பக்கம். விரல்கள் வெளியே விரிந்த நிலையில் பின்னால் போனால் இரண்டு கத்திகளும் ஒன்றையொன்று நோக்கி நெருங்கும், குதிகால்கள் முட்டிக்கொள்ளும், உடல் பூட்டுப் போட்டதுபோல் நின்றுவிடும். உங்கள் பாதம் அப்படி இருந்திருந்தால் நீங்கள் நின்ற இடத்திலேயே இருந்திருப்பீர்கள், மகள் சுவரைத் தள்ளியவள்போல வினாடிக்கு 1.9 மீட்டரில் போயிருப்பாள். பார்க்கிறவர்கள் "பார், கனமானவர் நகரவே இல்லை" என்பார்கள். உண்மையில் உங்களுக்காகப் பனி தள்ளியிருக்கும், பனியின் கீழே கட்டடமும் பூமியும் கணக்கில் சேர்ந்திருக்கும். 120 கிலோ மட்டும் உள்ள கணக்கு அங்கே செல்லாது. 2018 குளிர்கால ஒலிம்பிக்கில் மலேசியாவுக்காக இறங்கிய ஜூலியன் யீ போன்றவர்கள் அணியும் ஃபிகர் ஸ்கேட்ஸில் கத்தியின் முன்நுனியில் பற்கள் வேறு இருக்கும். முன்பக்கம் சாய்ந்து தள்ளும்போது அந்தப் பற்கள் பனியில் ஊன்றினாலும் இதே கதைதான்.

ஆகவே அடுத்த முறை செய்வதானால் இருவரும் இரண்டு பாதங்களையும் இணையாக, ஒருவரை ஒருவர் நேராகப் பார்க்கும்படி வைத்துக்கொள்ளுங்கள். முழங்காலை லேசாக மடக்கி, நெஞ்சுக்குக் கீழே உள்ள உயரத்தில் கை சேர்த்துத் தள்ளுங்கள். தோளுக்கு மேலே தள்ளினால் உடல் பின்னால் சாயும். காலை முன்னால் இழுத்துவிட்டு மல்லாந்து விழவைக்கும். இருவரும் பார்க்காத திசையில் போகிறீர்கள் என்பதால் பின்னால் ஆள் வராமல் பார்க்க ஒருவரை நிறுத்திக்கொள்வதும் நல்லது. தூரத்தை மறந்துவிட்டு, கைப்பேசியில் வீடியோ எடுத்து வேகத்தையே அளங்கள். பக்கவாட்டில், கொஞ்சம் தள்ளி நின்று, கைப்பேசியை அசைக்காமல் எடுக்க வேண்டும். கையையோ தலையையோ பின்தொடராமல் இடுப்பைப் பின்தொடருங்கள். தள்ளிய பிறகு கைகள் முன்னும் பின்னும் ஆடும், தலை சாயும். இடுப்புதான் உடலின் நிறைமையத்துக்கு அருகில் இருக்கிறது.

கை பிரிந்த கணத்திலிருந்து ஒவ்வொருவருடைய இடுப்பும் 60 சென்டிமீட்டர் கடக்க எத்தனை ஃபிரேம் ஆனது என்று எண்ணினால் போதும். சாதாரண வீடியோவில் விநாடிக்கு 30 ஃபிரேம்தான்; அவளுக்கு 12, உங்களுக்கு 20 என்று வரும். ஒரு ஃபிரேம் தவறாக எண்ணினாலே விகிதம் நூற்றுக்கு எட்டு மாறிவிடும். விநாடிக்கு 240 ஃபிரேம் எடுக்கும் மெதுவியக்கத்தில் வைத்தால் ஏறக்குறைய 97-ம் 163-ம் வரும். இரண்டையும் வகுத்தால் 1.68. தூரம் இருவருக்கும் ஒன்று என்பதால் ஃபிரேம் எண்ணிக்கையின் விகிதமே எடை விகிதம், வேகத்தைத் தனியாகக் கணக்கிடக்கூடத் தேவையில்லை. அளவு 1.67-ஐவிடத் துளி கூடுதலாக வந்தால் பயப்படாதீர்கள்: மெதுவாகப் போகிறவர் அந்த 60 சென்டிமீட்டரைக் கடக்க அதிக நேரம் எடுப்பதால் உராய்வு அவரை அதிகம் பிடித்துவைக்கிறது. 60-க்குப் பதில் ஒன்றரை மீட்டர் அளந்தால் அதே காரணத்தால் விகிதம் 1.72 வரை ஏறும். விகிதம் 2-ஐத் தாண்டினாலோ 1.4-க்குக் கீழே போனாலோ உராய்வைக் குறை சொல்லாமல், வீடியோவில் யாருடைய பாதம் விரிந்திருந்தது என்று பாருங்கள்.

இன்னொரு விஷயத்தையும் அந்த வீடியோவிலேயே சரிபார்க்க வேண்டும். தொடங்கும்போது நீங்கள் இருவரும் உண்மையிலேயே அசையாமல் நின்றீர்களா? பனியில் அசையாமல் நிற்பது பேச்சுக்கு எளிது. தள்ளும் முன் இருவரும் சேர்ந்து, மகளின் முதுகுப் பக்கமாக வினாடிக்கு 1 மீட்டர் வேகத்தில் மிதந்துகொண்டிருந்தீர்கள் என்று கற்பனை செய்யுங்கள். அதே பலத்தோடு தள்ளினால் அவளுக்கு 1.5 கூடும், உங்களுக்கு 0.9 குறையும். அவள் வினாடிக்கு 2.5 மீட்டரில் பறப்பாள், நீங்களோ எதிர்த்திசையில் போகாமல், அவள் போகும் திசையிலேயே வினாடிக்கு 0.1 மீட்டரில் ஊர்ந்துகொண்டிருப்பீர்கள். வேகங்களின் விகிதம் 25-க்கு 1 என்று வரும். ஆனால் எதுவும் உடையவில்லை. தள்ளும் முன் மொத்த உந்தம் 120, பிறகு 112.5-ம் 7.5-ம் சேர்ந்து அதே 120. விலகும் வேகமும் மாறாமல் அதே 2.4. எடை விகிதம் காட்டுவது ஒவ்வொருவருடைய வேகமும் எவ்வளவு மாறியது என்பதைத்தான். தொடக்க வேகம் பூஜ்யமாக இருந்தால் மட்டுமே அந்த மாற்றமும் கடைசி வேகமும் ஒன்றாகும். ஆகவே கைகள் பிரியும் ஃபிரேமைத் தேடும் முன், கைகள் சேர்ந்திருந்து தள்ளத் தொடங்காத ஃபிரேம்களில் இருவருடைய இடுப்பும் பின்னால் தெரியும் தடுப்புச் சுவரின் ஏதாவது ஒரு கோட்டோடு ஒட்டியே இருக்கிறதா என்று பாருங்கள். நகர்ந்திருந்தால் அந்த வேகத்தையும் அளந்து இருவரிடமிருந்தும் கழித்துவிட்டுப் பிறகு வகுங்கள்.